எதிருரை நகலில் அப்பா எத்தனையாவது பிரதிவாதி? (காஸ் டைட்டில் சரிபார்ப்பது பற்றி)

தாட்டோன்காரன்

எல்லோருக்கும் வணக்கம். சிவகங்கைப் பக்கம் ஒரு சார்பு நீதிமன்றத்தில் தாத்தா சொத்துக்குப் பாகப்பிரிவினை வழக்கு நடக்கிறது. அத்தை போட்ட வழக்கு. அப்பாவும் பெரியப்பா மகள் அக்காவும் இங்கே ரங்கூனில் இருப்பதால் இரண்டு பேருக்கும் ஒரே வக்கீல். அவர் எதிருரை நகலை வைபரில் அனுப்பி, "பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லுங்கள், கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்" என்கிறார். சம்மன் வந்து முப்பது நாள் முடிந்துவிட்டது, தொண்ணூறும் நெருங்குகிறது, அதனால் அவருக்கும் அவசரம்.

உள்ளே இருக்கும் சங்கதியை நான் படித்துக்கொள்வேன். மேலே பெயர்கள் இருக்கிறதே, அந்தத் தலைப்பில் எதைப் பார்க்க வேண்டும்? பெயரில் எழுத்துப் பிழை இல்லாமல் இருந்தால் போதும்தானே?

பசார் அண்ணாச்சி

தம்பி, முதலில் வரிசையைப் பாருங்கள். எங்கள் வழக்கில் மூத்தவன் நான் இருக்க, தம்பியை ஒன்றாம் பிரதிவாதியாகப் போட்டு என்னை நான்காவதாகத் தள்ளிவிட்டார்கள். வயதுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? அப்போதே வக்கீலிடம் சொன்னேன், "அதெல்லாம் ஒன்றுமில்லை அண்ணாச்சி" என்று சிரித்தார். நீங்கள் விடாதீர்கள், அப்பாவை மேலே ஏற்றச் சொல்லுங்கள்.

சட்டம் படிச்சவன்

தலைப்பில் பிழை இருந்தால் பயப்பட வேண்டியதே இல்லை. சி.பி.சி. பிரிவு 152 இருக்கிறது, எழுத்துப் பிழையை நீதிமன்றம் எப்போது வேண்டுமானாலும் திருத்தும். காலக்கெடு முக்கியம், முதலில் தாக்கல் செய்யச் சொல்லுங்கள்.

மோல்மேன் குமாஸ்தா

அண்ணாச்சி, வக்கீல் சிரித்தது சரிதான், கோபித்துக்கொள்ளாதீர்கள். வரிசை எண் மரியாதையும் இல்லை, பங்கும் இல்லை. வாதி யாரை எந்த எண்ணில் வைத்தாரோ அதுதான் அந்த ஆளுக்கு அந்த வழக்கு முடியும்வரை பெயர். சத்திரத்தில் பெட்டியை வைத்தால் வில்லை கொடுப்பார்களே, அந்த மாதிரி. வில்லை எண் சின்னதா பெரியதா என்று யாரும் பார்ப்பதில்லை, மாறிப்போனால்தான் வம்பு. அதனால் தம்பி, அப்பாவை ஏற்றவும் வேண்டாம் இறக்கவும் வேண்டாம்.

152 பற்றிச் சொன்னவருக்கு: அது தீர்ப்பு, தீர்ப்பாணை, உத்தரவு ஆகியவற்றில் வரும் எழுத்துப் பிழைக்கு உள்ள பிரிவு. கட்சிக்காரர் தாக்கல் செய்த காகிதத்துக்கு அது பொருந்தாது. அடுத்ததாக உள்ள 153-ஐச் சொல்லியிருந்தால் கொஞ்சம் பக்கத்தில் வந்திருப்பீர்கள்.

தாட்டோன் தம்பி, பிராதின் தலைப்பையும் எதிருரையின் தலைப்பையும் இங்கே தட்டுங்கள். நிஜப் பெயர் வேண்டாம், உறவு மட்டும் போடுங்கள். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சரிபார்க்க முடியாது, இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

தாட்டோன்காரன்

நன்றி அண்ணே. பிராதில் உள்ளது:

வாதி: அத்தை, வயது 66, க/பெ மாமா.
பிரதிவாதிகள்:
1. பெரியம்மா, வயது 78, க/பெ (லேட்) பெரியப்பா
2. அண்ணன், வயது 55, த/பெ (லேட்) பெரியப்பா
3. அக்கா, வயது 50, த/பெ (லேட்) பெரியப்பா
4. அப்பா, வயது 71, த/பெ (லேட்) தாத்தா
5. அண்ணனிடம் நிலத்தில் ஒரு பகுதியைக் கிரயம் வாங்கியவர்

எதிருரை நகலில் "பிரதிவாதிகள் தாக்கல் செய்யும் எதிருரை" என்று தலைப்பு. அதற்கு மேலே:

வாதி: அத்தை.
பிரதிவாதிகள்:
1. அக்கா, த/பெ (லேட்) தாத்தா
2. அப்பா, த/பெ (லேட்) தாத்தா

இவ்வளவுதான். நம் இரண்டு பேர் மட்டும் கொடுக்கிற எதிருரை என்பதால் இரண்டு பேரை மட்டும் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

மோல்மேன் குமாஸ்தா

நல்ல வேளை, கையெழுத்துப் போடவில்லை. பெரிய பிழை இரண்டு இருக்கிறது, இரண்டும் எழுத்துப் பிழை இல்லை. அதற்கு முன் ஒன்று: எதிருரையின் உள்ளே "பிரதிவாதி" என்று எண்ணோடு வருகிற பத்திகளில் ஒன்றிரண்டை அப்படியே தட்டுங்கள். கிரயத்தைப் பற்றிப் பேசுகிற பத்திதான் வேண்டும்.

தாட்டோன்காரன்

பத்தி 6: "2-ஆம் பிரதிவாதி தனக்கு உரிமையில்லாத பகுதியையும் சேர்த்து 5-ஆம் பிரதிவாதிக்குக் கிரயம் செய்து கொடுத்துள்ளார். அது இப்பிரதிவாதிகளைக் கட்டுப்படுத்தாது."

பத்தி 8: "2-ஆம் பிரதிவாதி பர்மாவில் வசித்து வருபவர். மேற்படி கிரயத்துக்கு அவர் சம்மதம் தெரிவிக்கவில்லை."

அட... ஆறில் 2-ஆம் பிரதிவாதி அண்ணன். எட்டில் அப்பா. தட்டும்போதுதான் கண்ணில் படுகிறது.

மோல்மேன் குமாஸ்தா

அதேதான். பத்தி 6 எழுதும்போது வக்கீலின் மேசையில் பிராது இருந்திருக்கிறது, அதனால் பிராது எண் வந்தது. பத்தி 8 எழுதும்போது கட்சிக்காரர் கோப்பு இருந்திருக்கிறது, அதில் அக்கா ஒன்று, அப்பா இரண்டு. இப்போது உங்கள் தலைப்பையும் பத்தி 6-ஐயும் சேர்த்து ஒருவர் படித்தால் என்ன வருகிறது? தலைப்புப்படி 2-ஆம் பிரதிவாதி அப்பா. அப்படியானால் அப்பாவே உரிமையில்லாத நிலத்தை விற்றேன் என்று தன் எதிருரையில் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறார். சரி, தலைப்பை விட்டுவிட்டுப் பிராது எண்ணை வைத்துப் படித்தால் பத்தி 8-இல் அண்ணன் பர்மாக்காரர் ஆகிவிடுகிறார், நிலத்தை விற்றவரே அந்த விற்பனைக்குச் சம்மதிக்கவில்லை என்றும் வருகிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு பத்தி பொய்.

முறை என்னவென்றால், எதிருரையின் தலைப்பில் பிராதில் உள்ள அத்தனை பேரும் அதே எண்ணில், அதே வரிசையில் வர வேண்டும். இரண்டு பேர் மட்டும் தாக்கல் செய்கிறார்கள் என்பதைத் தலைப்புக்குக் கீழே வருகிற வரியில் சொல்ல வேண்டும்: "3, 4 பிரதிவாதிகள் தாக்கல் செய்யும் எதிருரை". ஒருவர் எழுதி மற்றவர் ஏற்றுக்கொள்வதானால் "3-ஆம் பிரதிவாதி தாக்கல் செய்து 4-ஆம் பிரதிவாதி ஏற்றுக்கொண்ட எதிருரை" என்பார்கள். எப்படி எழுதினாலும் அப்பா 4 தான், அக்கா 3 தான்.

சட்டம் படிச்சவன்

நீதிபதி சந்தர்ப்பத்தை வைத்துப் புரிந்துகொள்ள மாட்டாரா? பர்மாவில் இருப்பவர் யார் என்று பிராதிலேயே விலாசம் இருக்கிறதே.

மோல்மேன் குமாஸ்தா

புரிந்துகொள்வார், பெரும்பாலும். ஆனால் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் புரிந்துகொள்ள வேண்டுமென்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. "உங்கள் எதிருரை ஆறாவது பத்தியைப் பாருங்கள், நீங்கள் போட்ட கையெழுத்துதானே" என்று 71 வயது மனிதரைக் கேட்டால் அவர் தலைப்பைப் பார்த்து என்ன சொல்வார்? இதுகூடப் பரவாயில்லை. இரண்டாவது பிழை இதைவிட மோசம்.

அக்காவுக்கு "த/பெ (லேட்) தாத்தா" என்று போட்டிருக்கிறார்கள். பிராதில் "த/பெ (லேட்) பெரியப்பா". தட்டச்சு செய்தவர் அக்காவுக்கும் அப்பாவுக்கும் ஒரே முன்னெழுத்து என்று நினைத்து கீழ் வரியை மேல் வரிக்கும் நகல் எடுத்திருப்பார். ஆனால் பாகப்பிரிவினை வழக்கில் த/பெ என்பது அலங்காரம் இல்லை, பங்கே அதில்தான் இருக்கிறது.

தாத்தாவுக்குப் பிள்ளைகள் மூன்று பேர்தானே? பாட்டி முன்பே போய்விட்டார், சொத்து தாத்தா சுயமாகச் சம்பாதித்தது என்று வைத்துக்கொள்கிறேன், மாறாக இருந்தால் சொல்லுங்கள். அப்போது அத்தைக்கு மூன்றில் ஒன்று, அப்பாவுக்கு மூன்றில் ஒன்று, பெரியப்பா கிளைக்கு மூன்றில் ஒன்று. அந்தக் கிளைக்குள் பெரியம்மா, அண்ணன், அக்கா மூவருக்கும் ஒன்பதில் ஒன்று. இப்போது அக்காவைத் தாத்தாவின் மகள் என்று உங்கள் காகிதமே சொன்னால் கிளைகள் நான்கு ஆகிறது. அப்பாவின் மூன்றில் ஒன்று நான்கில் ஒன்றாகிறது. அக்காவுக்கு ஒன்பதில் ஒன்று போய் நான்கில் ஒன்று கிடைக்கிறது. அவர் ஏமாற்றப் பார்க்கிறார் என்று அத்தை சொல்வார், உங்கள் அப்பா அதை ஒப்புக்கொண்டார் என்றும் சொல்வார்.

தாட்டோன்காரன்

மூன்று பேர்தான், தாத்தா இங்கே சம்பாதித்து அங்கே வாங்கிய நிலம்தான். பாட்டியும் தாத்தாவுக்கு முன்பே காலமாகிவிட்டார். நான் அந்த வரியை நாலு தடவை படித்தேன், பெயரில் எழுத்து சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

பசார் அண்ணாச்சி

குமாஸ்தா ஐயா, அப்படியென்றால் ஒரு சந்தேகம். எங்கள் வழக்கில் தம்பி நடுவில் இறந்துவிட்டான். அவன் பிள்ளைகள் மூன்று பேரை 7, 8, 9 என்று கடைசியில் சேர்த்தார்கள். ஒன்று காலியாகிவிட்டதே, என்னையாவது ஒன்றாக்கக் கூடாதா?

மோல்மேன் குமாஸ்தா

கூடாது அண்ணாச்சி, நீங்கள் நான்காவது ஆளாகவே இருங்கள். இறந்தவர் பெயர் தலைப்பில் அதே இடத்தில் நிற்கும், பக்கத்தில் "(இறந்துவிட்டார்)" என்று சேர்ப்பார்கள். வாரிசுகள் கடைசி எண்ணுக்குப் பிறகு வருவார்கள், இன்ன தேதி இன்ன இடைநிலை மனு உத்தரவுப்படி இன்னாரின் வாரிசுகளாகச் சேர்க்கப்பட்டவர்கள் என்று ஒரு குறிப்பும் இருக்கும். எல்லோரையும் ஒரு படி மேலே நகர்த்தினால் அதுவரை தாக்கலான அத்தனை காகிதமும் பொய்யாகிவிடும். உங்களுக்கு அதற்குப் பிறகு வந்த காகிதம் எதிலாவது அந்தக் குறிப்பு விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள், அடிக்கடி விட்டுப்போகும்.

தட்டச்சு அக்கா

நான் இங்கே தமிழ், பர்மியம் இரண்டிலும் காகிதம் அடிக்கிறவள், ஒரு விஷயம் சேர்க்கிறேன். தாட்டோன் தம்பி, அக்காவின் அடையாள அட்டையில் எந்தப் பெயர் இருக்கிறது? தமிழ்ப் பெயரா, பர்மியப் பெயரா?

ஏன் கேட்கிறேன் என்றால், போன வருடம் ஒரு அம்மாவுக்குப் பவர் பத்திரம் அடித்தேன். அட்டையில் பர்மியப் பெயர், முன்னால் "டோ". ஊரிலிருந்து வந்த எதிருரையில் அந்த "டோ" வை முன்னெழுத்து என்று நினைத்து "டி." என்று போட்டுவிட்டார்கள். தகப்பனாருக்கு "உ" இருந்தது, அதுவும் "யு." என்று முன்னெழுத்தாகிவிட்டது. அந்த அம்மாவின் பெயர் இன்னொரு குடும்பத்துப் பெண்ணின் பெயர் மாதிரி ஆகிவிட்டது. உ, டோ, கோ, மா இதெல்லாம் நாம் வயதுக்கேற்பக் கூப்பிடுகிற மரியாதைச் சொல், பெயரின் பகுதி இல்லை என்று ஊரில் இருக்கும் வக்கீலுக்கு எப்படித் தெரியும்? நாம்தான் சொல்ல வேண்டும். அதுவும் இருபது வயதுக் காகிதத்தில் "மா", ஐம்பது வயதுக் காகிதத்தில் "டோ" என்றிருந்தால் இரண்டு ஆள் என்றே நினைப்பார்கள்.

தாட்டோன்காரன்

அக்கா அட்டையில் பர்மியப் பெயர்தான். பிராதில் தமிழ்ப் பெயர் மட்டும். பவர் பத்திரத்தை மெர்ச்சன்ட் தெருத் தூதரகத்தில் அத்தாட்சி வாங்கினோம், அதில் அட்டைப்படி பர்மியப் பெயர்.

தட்டச்சு அக்கா

அப்படியானால் "(எ)" போட வேண்டும். தமிழ்ப் பெயர் (எ) பர்மியப் பெயர். இல்லையென்றால் பவர் கொடுத்தவர் ஒருவர், வழக்கில் உள்ள பிரதிவாதி இன்னொருவர் என்று ஆகும். ஒரு காகிதத்தில் "(எ)", இன்னொன்றில் "@", மூன்றாவதில் "என்கிற" என்று மாற்றி மாற்றிப் போடாமல் ஒன்றை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே போடச் சொல்லுங்கள். எந்தப் பெயர் முன்னால் வருகிறது என்பதும் மாறக் கூடாது.

சட்டம் படிச்சவன்

இது நல்ல யோசனை. எதிருரைத் தலைப்பிலேயே (எ) சேர்த்துத் திருத்திவிடலாம், வேலை முடிந்தது.

மோல்மேன் குமாஸ்தா

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. தலைப்பு வாதியின் சொத்து. பிராதில் இல்லாத பெயரை நாம் நம் எதிருரைத் தலைப்பில் சேர்த்தால் பிராதும் எதிருரையும் ஒன்றோடொன்று ஒட்டாது, நீதிமன்ற அலுவலகத்தில் சரிபார்ப்பவர் திருப்பி அனுப்பினாலும் ஆச்சரியமில்லை. நான் பழகிய வழி வேறு: தலைப்பை அப்படியே விட்டுவிட்டு, எதிருரையின் ஆரம்பப் பத்தியிலேயே "3-ஆம் பிரதிவாதிக்குப் பர்மாவில் இன்ன பெயரும் உண்டு, அடையாள அட்டையில் அப்பெயரே உள்ளது, பிராதில் அது குறிப்பிடப்படவில்லை" என்று சொல்வது. அதன்மேல் வாதி பிராதைத் திருத்த மனுப் போட்டால் எல்லாக் காகிதமும் சேர்ந்து திருந்தும். அது ஆணை 6 விதி 17. விசாரணை தொடங்குவதற்கு முன்பே செய்துவிட வேண்டும், பிறகு போனால் இவ்வளவு நாள் கவனமாக இருந்தும் ஏன் முன்பே தெரியவில்லை என்று காரணம் காட்டச் சொல்வார்கள்.

தட்டச்சு அக்கா

வாதி திருத்த மாட்டேன் என்றால்? அத்தைக்கு அதில் என்ன அக்கறை? தீர்ப்பாணையில் தமிழ்ப் பெயர் மட்டும் வந்து, அக்கா தன் பங்கைப் பதிவு செய்யப் போகும்போது அட்டையில் வேறு பெயர் இருந்தால் அலையப்போவது அக்காதான். நான் பார்த்த வக்கீல்களில் சிலர் தலைப்பிலேயே "பிராதில் இன்னார் என்று காட்டப்பட்டுள்ள இன்னார் (எ) இன்னார்" என்று எழுதித் தாக்கல் செய்திருக்கிறார்கள், திரும்பவில்லை.

மோல்மேன் குமாஸ்தா

திரும்பாமலும் போகலாம், மறுக்கவில்லை. அந்த நீதிமன்றத்து வழக்கம் அந்த வக்கீலுக்குத் தெரியும், அவரிடம் கேளுங்கள். எண்ணையும் த/பெ-யையும் பற்றி மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தம்பி, இப்போது ஒரு வேலை செய்யுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் பிராதுப்படி 1 முதல் 5 வரை எழுதி ஆளுக்கு நேரே உறவுப் பெயரை எழுதுங்கள். எதிருரையை அச்செடுத்து, "பிரதிவாதி" என்ற சொல் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் பேனாவால் வட்டம் போடுங்கள். பிறகு ஒவ்வொரு வட்டத்திலும் எண்ணுக்குப் பதில் தாளில் உள்ள உறவைச் சொல்லி வாக்கியத்தை உரக்கப் படியுங்கள். "பெரியம்மா பர்மாவில் வசித்து வருபவர்" என்று வாயில் வந்தால் அங்கே பிழை. கண்ணுக்குத் தப்புவது காதுக்குத் தப்பாது. அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்தால் இன்னும் நல்லது, எண் அவருக்குப் புரியாது, உறவு புரியும்.

"இப்பிரதிவாதி", "இந்தப் பிரதிவாதிகள்", "மேற்படி பிரதிவாதி" என்று எண் இல்லாமல் வருவதையும் விடாதீர்கள். இரண்டு பேர் சேர்ந்து கொடுக்கும் எதிருரையில் "இப்பிரதிவாதி" என்று ஒருமையில் வந்தால் யார் என்று கேளுங்கள்.

தட்டச்சு அக்கா

சுருக்கமும் அப்படியே. ஒரு பக்கத்தில் "பி.3", இன்னொரு பக்கத்தில் "டி3", வேறொரு இடத்தில் "3-ஆம் எதிர்வாதி" என்று வந்தால் மூன்று பேர் வேலை செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம், எண்ணும் மாறியிருக்க வாய்ப்பு அதிகம், அங்கே இன்னொரு தடவை பாருங்கள். சாட்சிக் கட்டம் வரும்போது "பி.சா.1" என்று வரும், அது முதல் பிரதிவாதி இல்லை, பிரதிவாதி தரப்பில் முதலில் சாட்சி சொன்னவர். அப்பா முதலில் ஏறினால் நான்காம் பிரதிவாதியே பி.சா.1. இப்போதே "பி.1" என்று சுருக்கிப் பழகிவிட்டால் அப்போது குழம்பும். முழுதாக "3-ஆம் பிரதிவாதி" என்று எழுதச் சொல்லுங்கள், காகிதம் ஒரு பக்கம் கூடும், அவ்வளவுதானே.

தாட்டோன்காரன்

நேற்று ராத்திரி அப்பாவை வைத்துப் படித்தேன். பத்தொன்பது வட்டம். அதில் ஏழு இடத்தில் எண் தப்பு. பத்தி 11-இல் "1-ஆம் பிரதிவாதியின் தாயார்" என்று வந்ததைப் பெரியம்மாவின் தாயார் என்று படித்ததும் அப்பா, "அந்தக் கிழவி நான் பிறப்பதற்கு முன்னாலேயே செத்துப்போச்சேடா, அவங்க எதுக்கு நிலவரி கட்டினாங்க" என்றார். அது அக்காவின் தாயார், அதாவது பெரியம்மாவையே சொல்ல வந்தது.

வக்கீலுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். முதலில் கொஞ்சம் கோபம், "தலைப்பெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்றார். பங்குக் கணக்கைச் சொன்னதும் அமைதியாகி, இன்று சாயங்காலம் புது நகல் அனுப்பினார். தலைப்பில் ஐந்து பேரும் பிராதுப்படி, கீழே "3, 4 பிரதிவாதிகள் தாக்கல் செய்யும் எதிருரை", அக்காவுக்கு த/பெ பெரியப்பா. பர்மியப் பெயரைத் தலைப்பில் போட மாட்டேன், பத்தி 2-இல் போடுகிறேன் என்கிறார்.

சட்டம் படிச்சவன்

அப்போது கையெழுத்துப் போட்டுவிடலாம்.

மோல்மேன் குமாஸ்தா

கடைசிப் பக்கம் பார்த்தீர்களா? கையெழுத்து இடத்துக்கு மேலே, உண்மை என்று உறுதி சொல்கிற வாசகம். பழைய நகலில் இருந்து அது மாறாமல் வந்திருக்கும்.

தாட்டோன்காரன்

பார்த்தேன் அண்ணே. "மேற்கண்ட 1, 2 பிரதிவாதிகளாகிய நாங்கள்..." திரும்ப அனுப்பிவிட்டேன்.